ஒரு படம் என்றால் எத்தனை பேர்?

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக் கணக்கில் புள்ளியியல் பாடம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொண்டாட்டம்தான். பக்கத்தில் பாதி இடத்தைப் படம் அடைத்துக்கொண்டிருக்கும். பார்த்துப் பார்த்து எழுதிவிடலாம் என்று தோன்றும். தாள் திருத்தி வந்தபிறகுதான், எளிதாகத் தெரிந்த கேள்விகளில் மதிப்பெண் போயிருப்பது தெரியும். கூட்டல் கழித்தலில் பிழை இருக்காது. படத்தை வாசித்ததில் இருக்கும்.

மாதிரிக்கு ஒரு பயிற்சித்தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் மாணவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதைக் காட்டும் பட விளக்கப்படம் இது. கற்பனைப் பள்ளிதான், ஆனால் இந்த மாதிரிக் கணக்கு வராத பாடநூல் கிடையாது.

```
சைக்கிள்          ● ● ● ● ● ● ● ●
பேருந்து           ● ● ● ● ● ◐
நடந்து             ● ● ● ●
பெற்றோர் வண்டி    ● ● ◐
ஆட்டோ             ● ◔

● = 20 மாணவர்கள்
```

"சைக்கிள்ல எத்தனை பேர் வராங்க?" என்று அம்மா கேட்கிறார். பையன் விரலை வைத்து எண்ணிவிட்டு, "எட்டு பேரும்மா" என்கிறான். எண்ணியது சரி. எண்ணியது படங்களை, மாணவர்களை அல்ல. கீழே ஓரமாக, சின்ன எழுத்தில் இருக்கிறதே "● = 20 மாணவர்கள்" என்று, அந்த வரியைப் பார்க்காதவரை இந்தப் படத்தில் எந்த எண்ணும் கிடையாது. அது 20 என்றால் சைக்கிளில் வருபவர்கள் 160 பேர். அதையே 5 என்று மாற்றி அச்சடித்தால் 40 பேர். மேலே இருக்கும் வட்டங்களில் ஒன்றுகூட மாறாது.

அதனால் பட விளக்கப்படத்தைக் கீழிருந்து மேலாக வாசிக்கப் பழக வேண்டும். முதலில் ஒரு படத்தின் மதிப்பு, பிறகு தலைப்பு, அதன்பிறகு வரிசைகள். அந்த மதிப்பை வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். முழு வட்டம் 20, அரை வட்டம் 10, கால் வட்டம் 5. இந்த மூன்றையும் எழுதிவிட்டால் மீதி வேலை தானாக நடக்கும். பேருந்தில் ஐந்தரை வட்டம், ஆகவே 100 கூட்டல் 10, 110 பேர். நடந்து வருபவர்கள் 80. பெற்றோர் வண்டியில் 50. ஆட்டோவில் ஒன்றேகால் வட்டம், 25 பேர்.

அரையும் காலும் வரும் இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அரை வட்டத்தை அரை மாணவன் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதை ஒரு முழுப் படமாக எண்ணி, பேருந்துக்கு 6 × 20 = 120 என்று போடுபவர்கள் நிறையப் பேர். சிலர் சிறிய துண்டு என்று விட்டுவிட்டு 100 என்று எழுதுவார்கள். வட்டமாக இருந்தால் அரையும் காலும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். தாள் தயாரித்தவர் அழகுக்காகச் சைக்கிள் படத்தையோ பேருந்துப் படத்தையோ போட்டு அதைப் பாதியில் வெட்டியிருந்தால், அது பாதியா முக்காலா என்று பெரியவர்களே விழிக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட தாளில் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. வரிசைக்கு ஒரு படம் என்று வைத்தால் சைக்கிள் படம் ஒல்லியாகவும் பேருந்துப் படம் நீளமாகவும் அமைந்துவிடும். ஐந்து பேருந்துகள் நிற்கும் வரிசை, எட்டு சைக்கிள்கள் நிற்கும் வரிசையைவிட நீண்டு தெரியும். வரிசையின் நீளத்தைப் பார்த்து "பேருந்தில்தான் அதிகம்" என்று எழுதும் பிள்ளை கண்ணை நம்பி ஏமாந்த பிள்ளை. படங்கள் ஒரே அகலத்தில், ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக இருந்தால் மட்டுமே நீளத்தை நம்பலாம். இல்லையென்றால் எண்ணத்தான் வேண்டும்.

இதைப் பெரிய அளவில் யோசித்தவர் வியன்னாவைச் சேர்ந்த ஓட்டோ நியூராத். 1925இல் அங்கே ஒரு அருங்காட்சியகத்தைத் தொடங்கி, ஊரின் வீட்டு வசதி, பிறப்பு இறப்பு, தொழில் பற்றிய எண்களைச் சாதாரண மக்களுக்குப் படங்களாகக் காட்டினார். அவர் வகுத்த முக்கியமான விதி, எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படத்தை இன்னும் பல முறை போட வேண்டும் என்பது. காரணம் எளிது. இரண்டு மடங்கைக் காட்ட ஒரு மனிதப் படத்தை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால், அகலமும் சேர்ந்து இரண்டு மடங்காகிவிடும். தாளில் அது அடைக்கும் இடம் நான்கு மடங்கு. கண் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, அடைத்த இடம் முழுவதையும் பார்க்கிறது. செய்தித்தாள்களில் ஒரு சின்னப் பணமூட்டையும் ஒரு பெரிய பணமூட்டையும் அருகருகே போட்டு விலைவாசியைக் காட்டும்போது நடப்பது இதுதான்.

பயிற்சித்தாளுக்கு வருவோம். "பேருந்தில் வருபவர்களைவிடச் சைக்கிளில் வருபவர்கள் எத்தனை பேர் அதிகம்?" என்று ஒரு கேள்வி. 160ஐயும் 110ஐயும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கழிக்கலாம். அல்லது படத்திலேயே கழித்துவிடலாம். எட்டிலிருந்து ஐந்தரை போனால் இரண்டரை வட்டம், ஆக 50 பேர். பெருக்கல் ஒரே முறை. மொத்த மாணவர்கள் எத்தனை என்றாலும் அப்படியே. வட்டங்கள் எல்லாம் சேர்த்து இருபத்தொன்றேகால், அதை 20ஆல் பெருக்கினால் 425. ஒவ்வொரு வரிசையின் எண்ணையும் கூட்டினாலும் 425 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வரவில்லையென்றால் எங்கோ ஒரு அரையோ காலோ தப்பியிருக்கிறது.

"நடந்து வருபவர்களைப்போல் சைக்கிளில் வருபவர்கள் எத்தனை மடங்கு?" என்பது வேறு வகைக் கேள்வி. எட்டு வட்டத்துக்கு நான்கு வட்டம், இரண்டு மடங்கு. இதற்கு 20 என்ற மதிப்பே தேவைப்படவில்லை. ஒரு படம் 20 பேரானாலும் 5 பேரானாலும் மடங்கு மாறாது. எத்தனை பேர் அதிகம் என்பதற்கு மதிப்பு வேண்டும், எத்தனை மடங்கு என்பதற்கு வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "2 மடங்கு × 20 = 40 மடங்கு" என்று எழுதிய தாள்களும் உண்டு.

சில தாள்களில் கடைசியில் "ஏன்?" என்று ஒரு கேள்வி இருக்கும். சைக்கிளில் ஏன் அதிகம் பேர் வருகிறார்கள்? பிள்ளை, பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறதே என்று எழுதலாம். ஊகமாக அது நல்ல ஊகம். ஆனால் படத்தில் வகுப்பும் இல்லை, அரசும் இல்லை. படம் சொல்வது எத்தனை பேர் என்பதை மட்டும். ஊகம் என்று தெரிந்து எழுதினால் சரி, படத்திலிருந்து தெரிகிறது என்று எழுதினால் தவறு.

ஆட்டோவில் 23 பேர் வந்திருந்தால் என்ன செய்வார்கள்? ஒரு வட்டமும் அதில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலும் வரைய முடியாது. கால் வட்டம் போட்டு 25 ஆக்கிவிடுவார்கள். அதனால் பட விளக்கப்படத்திலிருந்து வரும் விடை பெரும்பாலும் தோராய விடைதான். துல்லியம் கூட வேண்டுமென்றால் பட்டை வரைபடத்துக்குப் போக வேண்டும்.

அங்கே எண்ணுகிற வேலை முடிந்து அளக்கிற வேலை தொடங்குகிறது. இதற்குக் கற்பனைப் பள்ளி வேண்டாம், உண்மையான எண்களே இருக்கின்றன. தமிழ்நாட்டின் மக்கள்தொகையை ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு பட்டை என்று வரைவோம். கீழே ஆண்டுகள்: 1951இலிருந்து 2011 வரை பத்தாண்டுக்கு ஒன்றாக ஏழு பட்டைகள். இடப்பக்கம் மேல்நோக்கிச் செல்லும் அச்சில் 0, 1, 2 என்று 8 வரை எண்கள். அச்சின் ஓரமாக "கோடியில்" என்று எழுதியிருக்கிறது. பட விளக்கப்படத்தில் ஒரு படத்தின் மதிப்பு செய்த வேலையை இங்கே செய்வது இந்த அச்சும் அந்த "கோடியில்" என்ற சொல்லும்தான். அதைக் கவனிக்காத பிள்ளை 2011இல் தமிழ்நாட்டில் ஏழு பேர் இருந்ததாக எழுதும்!

ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. எண்ணிப் பார்த்தால் 5க்கும் 6க்கும் இடையே நான்கு கோடுகள். அப்படியானால் ஒரு கோட்டின் மதிப்பு என்ன? இந்த இடத்தில்தான் நல்ல மாணவர்களும் தடுக்கி விழுகிறார்கள். நான்கு கோடு, ஆகவே ஒன்றை நான்கால் வகுத்துக் கால் என்று போடுகிறார்கள். வகுக்க வேண்டியது கோடுகளை அல்ல, இடைவெளிகளை. நான்கு கோடுகள் போட்டால் 5க்கும் 6க்கும் இடையே ஐந்து இடைவெளிகள் உண்டாகும். ஆகவே ஓர் இடைவெளி 0.2 கோடி, அதாவது 20 லட்சம்.

1991ஆம் ஆண்டின் பட்டை 5ஐத் தாண்டி மூன்றாவது கோட்டை ஏறக்குறையத் தொட்டு நிற்கிறது. இடைவெளியை எண்ணியவருக்கு 5.6 கோடி. கோட்டை எண்ணியவருக்கு 5.75 கோடி. கணக்கெடுப்பின்படி அது 5.59 கோடி. வித்தியாசம் ஒரு சின்னத் தவறு போலத் தெரிந்தாலும், 15 லட்சம் பேர் கூடுதலாக முளைத்துவிடுகிறார்கள். சரிபார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. 5இல் தொடங்கி ஒவ்வொரு கோட்டுக்கும் நீங்கள் கண்டுபிடித்த மதிப்பைக் கூட்டிக்கொண்டே போங்கள். 5.2, 5.4, 5.6, 5.8, அடுத்தது 6. அச்சில் இருக்கும் 6க்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால் மதிப்பு சரி. காலால் கூட்டிப் பார்த்தால் 5.25, 5.5, 5.75 என்று வந்து, நான்காவது கோட்டிலேயே 6 ஆகிவிடும். அந்தக் கோடோ 6க்கு ஒரு படி கீழே இருக்கிறது.

பட்டையின் உச்சியிலிருந்து அச்சு வரை கண்ணால் கோடு இழுப்பதும் ஆபத்து. வலப்பக்கம் தள்ளியிருக்கும் 2011 பட்டைக்கும் இடப்பக்க அச்சுக்கும் நடுவே ஆறு பட்டைகள் நிற்கின்றன. கண் ஒரு கோடு மேலேயோ கீழேயோ நழுவிவிடும். அடிக்கோலைப் பட்டையின் தலையில் கிடையாக வைத்து, அது அச்சைத் தொடும் இடத்தைப் பார்த்தால் பிசகாது. அப்படி வைத்துப் பார்த்தால் 1951 மூன்று கோடியில் நிற்கிறது. 1961க்கு 3.4, 1971க்கு 4.1, 1981க்கு 4.8, 1991க்கு 5.6, 2001க்கு 6.2, 2011க்கு 7.2. பட்டை இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால், பாதியா, பாதிக்கு மேலா என்று பார்த்து எழுத வேண்டியதுதான். 1971 பட்டை 4க்கும் 4.2க்கும் நட்டநடுவே போல நிற்பதால் 4.1 என்கிறோம். உண்மையில் 4.12. இந்த அளவு வித்தியாசத்துக்கு ஆசிரியர் மதிப்பெண் குறைக்கக் கூடாது.

இனிமேல்தான் சுவையான கேள்வி. "எந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை அதிகமாகக் கூடியது?" உயரமான பட்டையைப் பார்த்து 2011 என்று எழுதுவது வழக்கமான பிழை. 2011 என்பது ஓர் ஆண்டு, கேட்டது ஒரு காலப்பகுதி. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் உள்ள படியைத்தான் அளக்க வேண்டும். அளந்தால் 2001இலிருந்து 2011க்கு ஏறிய படி ஒரு கோடி, மற்ற எல்லாவற்றையும்விட உயரம். இங்கே உயரமான பட்டையும் உயரமான படியும் ஒரே இடத்தில் வந்தது தற்செயல். மிகச் சிறிய படி 1951க்கும் 1961க்கும் இடையே, 0.4 கோடி.

நடுவில் மூன்று படிகள் கிட்டத்தட்ட ஒரே உயரம். நாம் வாசித்த எண்களைக் கழித்தால் 1961–71க்கு 0.7 கோடி, 1971–81க்கு 0.7, 1981–91க்கு 0.8. இவற்றில் பெரியது எது என்று கேட்டால் 1981–91 என்று சொல்லத் தோன்றும். கணக்கெடுப்பின் முழு எண்களைக் கொண்டு கழித்தால் கதை மாறுகிறது. 1961–71இல் கூடியவர்கள் 75.1 லட்சம், 1981–91இல் 74.5 லட்சம். நாம் பெரியது என்று நினைத்ததுதான் மயிரிழையில் சிறியது. யாரும் தப்பாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு பட்டையையும் பத்து லட்சத்துக்குத் திருத்தி வாசிக்கிறோம். இரண்டு வாசிப்புகளைக் கழிக்கும்போது இரண்டிலும் உள்ள சின்னப் பிசகுகள் சேர்ந்துகொள்கின்றன. அறுபதாயிரம் பேர் வித்தியாசத்தை இந்த வரைபடத்தால் காட்டவே முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் "ஏறத்தாழச் சமம்" என்பதே சரியான விடை, அதை ஏற்றுக்கொள்ளும்படிதான் கேள்வியும் இருக்க வேண்டும்.

பட்டை வரைபடத்தில் கண்ணை ஏமாற்றுவது இன்னொன்று இருக்கிறது. இதே ஏழு எண்களை வைத்து, அச்சை 0இல் தொடங்காமல் 2.5 கோடியில் தொடங்கி வரைந்து பாருங்கள். 1951 பட்டைக்குக் கிடைப்பது அரைக் கோடி உயரம். 2011 பட்டைக்கு 4.7 கோடி உயரம். முதல் பட்டையைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல் உயரமாகக் கடைசிப் பட்டை நிற்கும். உண்மையில் மக்கள்தொகை கூடியது 2.4 மடங்கு. எழுதிய எண்களில் பொய் எதுவுமே இல்லை, அச்சுகூடச் சரியாகத்தான் இருக்கிறது. பட்டை தன் முழு நீளத்தால் பேசுகிறது. அடியை வெட்டிவிட்டால் அந்தப் பேச்சு மாறிவிடும்.

பாடநூல்களில் அச்சை இப்படி வெட்டும்போது அதன் அடியில் மின்னல் போல நெளிந்த ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறி இருந்தால் இங்கே கொஞ்சம் உயரத்தை விழுங்கியிருக்கிறோம் என்று பொருள். அச்சில் எண்ணை வாசித்து எழுதும் விடைகளுக்கு அதனால் பாதிப்பில்லை. எத்தனை அதிகம் என்ற கேள்விக்கும் பாதிப்பில்லை. மடங்கு கேட்கும்போது மட்டும் பட்டைகளின் நீளத்தை ஒப்பிடவே கூடாது. எண்களை எழுதித்தான் வகுக்க வேண்டும். பட விளக்கப்படத்தில் மதிப்பே தெரியாமல் மடங்கைச் சொல்ல முடிந்ததே, அது அங்கே ஒவ்வொரு வரிசையும் சுழியத்திலிருந்து தொடங்கியதால்தான். தொலைக்காட்சிகளில் தேர்தல் நேரத்துப் பட்டைகளைப் பார்க்கும்போது முதலில் அடியில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கலாம். பல நேரம் அங்கே எண்ணே இருக்காது.

இந்த மக்கள்தொகைப் படத்தைப் பட்டையால் காட்டுவதா, கோட்டால் காட்டுவதா என்று கணக்கு வாத்தியார்களுக்குள் பேச்சு வரும். பட்டை வரைபடத்தை 1786இல் அச்சில் கொண்டுவந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர், காலத்தோடு மாறும் எண்களுக்குக் கோட்டைத்தான் பயன்படுத்தினார். ஸ்காட்லாந்து வணிகத்துக்கு மட்டும் அவரிடம் ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் இருந்தது. கோடு இழுக்க வழியில்லாமல், வணிகம் நடந்த பதினேழு இடங்களுக்கும் ஏற்றுமதி, இறக்குமதி என்று தனித்தனிப் பட்டை போட்டார். நடுவகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டையே போதும். பட்டைகளுக்கிடையே ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா, எல்லாம் ஒரே அகலமா என்று மட்டும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பட்டை தடித்துவிட்டால் நியூராத் சொன்ன அதே தொல்லை இங்கேயும் வந்துவிடும்.

வரைபடத்தைப் பார்க்கும் சுட்டியான பிள்ளை ஒன்று கேட்கக்கூடும்: "2011க்கு அப்புறம் 2021 பட்டை எங்க?" 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அந்த ஆண்டுக்கு எண்ணே கிடையாது. கீழ் அச்சில் 2021 என்று எழுதி மேலே வெற்றிடமாக விட்டால், வாசிப்பவர் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்வார். பள்ளிப் பயிற்சித்தாளிலும் இது நடக்கும். "ரயில்" என்று ஒரு வரிசை இருந்து அதில் ஒரு வட்டமும் இல்லையென்றால், ரயிலில் யாரும் வருவதில்லை என்று பொருளா, யாரும் கேட்டுக் குறிக்கவில்லை என்று பொருளா? இரண்டும் ஒன்றல்ல. முன்னதானால் அந்த இடத்தில் 0 என்று எழுத வேண்டும், பின்னதானால் "விவரம் இல்லை" என்று எழுத வேண்டும்.